அமிலத்தின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

பால் சங்கத்தில் டெஸ்டராக இருக்கிறவனுக்கு ஊரில் நல்ல பெயர் நிற்காது. பாலில் கொழுப்பு இவ்வளவு இருக்கிறது என்று அவன் எழுதுகிற எண்ணை வைத்துத்தான் விலை. எண் ஏறினால் மாட்டைப் பாராட்டுவார்கள், இறங்கினால் டெஸ்டரைத் திட்டுவார்கள். மாட்டுக்குத் திட்டு விழுந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

சாமிதுரைக்கு மட்டும் அந்த நல்ல பெயர் பதினெட்டு வருஷமாக நின்றிருந்தது. கூத்தாநல்லூருக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில் அந்தச் சங்கம். ஊர்ப் பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை. சாமிதுரை பால் கொண்டுவருகிறவரின் முகத்தைப் பார்த்து எண் போடுகிறவன் இல்லை. அவனுடைய சொந்த அத்தான் பாலில் தண்ணீர் இருப்பதைக் கண்டுபிடித்து, பந்தல் போட்டிருந்த கல்யாண வீட்டு வாசலிலேயே அதைச் சொல்லி, இரண்டு வருஷம் பேச்சில்லாமல் போனவன். சொத்து என்று அவனுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் நிலம், இந்த வேலை, இந்தப் பெயர். மூன்றில் கடைசியைத்தான் அவன் காபந்து பண்ணினான்.

அந்தப் பெயருக்குத்தான் ஐப்பசியில் வினை வந்தது.

முதலில் மெஷின் போயிற்று. கொழுப்பை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும் மின் மெஷின் அது, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இடி விழுந்த அன்றைக்கு வோல்ட்டேஜ் ஏறி அதன் உயிர் போய்விட்டது. பழுது பார்க்க எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. சரி, மெஷின் வருவதற்கு முன்னால் பால் கறக்காமலா இருந்தார்கள், பழைய முறை இருக்கிறது என்று சாமிதுரை பீரோவைத் திறந்து கண்ணாடிக் குழாய்களை எடுத்துக் கழுவினான்.

பழைய முறை இதுதான். கழுத்தில் கோடு போட்ட தடித்த கண்ணாடிக் குழாய். அதில் முதலில் கந்தக ஆசிட். அதன் மேல் பாலைக் குழாயின் உட்சுவரோடு நூலாக இறக்க வேண்டும். ஆசிட் கனமானது, பால் லேசானது. அவசரப்படாமல் இறக்கினால் பால் மேலேயும் ஆசிட் கீழேயும் இரண்டு பங்காளிகள் மாதிரி ஒட்டாமல் கிடக்கும். பிறகு கொழுப்பு தெளிவாகப் பிரிய கொஞ்சம் அமைல் ஆல்கஹால், ரப்பர் மூடி. மூடியை இறுக்கிய பின், துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குலுக்க வேண்டும். துணி இல்லாமல் பிடிக்க முடியாது. பாலும் ஆசிட்டும் கலந்ததும் குழாய் அப்படிக் கொதிக்கும். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, சூடு மட்டும் வரும். அந்தச் சூட்டில் பாலில் உள்ள மற்றதெல்லாம் கரைந்து கறுத்துப் போக, கொழுப்பு மட்டும் உருகிப் பிரியும். கைச்சக்கரத்தில் மாட்டிச் சுற்றினால் அது மேலே, கோடு போட்ட கழுத்தில், தேன் நிறத்தில் வந்து நிற்கும். எத்தனை கோடு நிற்கிறதோ அதுதான் எண்.

சாமிதுரைக்கு இது கைவந்த வேலை. ஆனால் இந்தத் தடவை கொழுப்பு தேன் நிறத்தில் நிற்கவில்லை. அடியில் கருக்கல் கட்டியது, தோசைக்கல்லில் தீய்ந்த மாவு மாதிரி ஒரு கறுப்பு வளையம். கொழுப்பு எங்கே முடிகிறது, கருக்கல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவன் என்ன செய்தான் என்றால், தெளிந்த மஞ்சளை மட்டும் எண்ணினான். கறுப்பை விட்டுவிட்டான். தெரியாததைக் கொழுப்பு என்று எழுதுவது பொய் என்பது அவன் நியாயம். நியாயம் நல்லதுதான். அதனால் ஊர் முழுக்க எண் இறங்கியது.

எல்லோரும் முனகினார்கள். நாகம்மாள் முனகவில்லை, கேட்டாள்.

நாகம்மாள் ஐம்பதைத் தாண்டியவள். தரங்கம்பாடிப் பக்கம் மீன்காரக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போன பிறகு மூன்று கறவை மாடுகளை வைத்துத் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டவள். ஏலத்தில் மீன் விலை கேட்டு வளர்ந்த வாய், சுலபத்தில் அடங்காது. தன் மாட்டுப் பாலின் கொழுப்பு அவளுக்கு விரல் நுனியில் தெரியும். எண் ஏன் இறங்கியது என்று கேட்டபோது, மழை பெய்து வரப்புப் புல் செழித்துக் கிடக்கிறது, பச்சைப் புல் தின்றால் பால் கூடும், கொழுப்பு குறையும் என்று சாமிதுரை சொன்னான். அது பொய்யில்லை. ஆனால் தன் மாடுகள் வைக்கோலும் புண்ணாக்கும் தின்கின்றன, கட்டுத்தறியை விட்டு வெளியே போகவில்லை என்றாள் அவள். அவன் அடுத்த ஆளின் பாலுக்குத் திரும்பினான். மறுநாள் அவள் சங்கத்து வாசலில் நின்று, இவன் யாருக்கோ ஏற்றி எழுத எனக்கு இறக்குகிறான் என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல் ஊரைச் சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகும்.

சங்கத்துச் செயலாளர் தியாகேசன் பயந்த சுபாவம். எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர். அவர் கமிட்டியைக் கூட்டி ஒரு முடிவு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பால் ஒன்றியத்திலிருந்து அதிகாரி வருவார், எல்லோர் முன்னாலும் நாகம்மாள் பாலைச் சோதிக்க வேண்டும். சாமிதுரை எழுதிய எண் சரியென்று நின்றால் நாகம்மாள் மன்னிப்புக் கேட்க வேண்டும். நிற்காவிட்டால் சாமிதுரை பரிசோதனை அறையின் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சாவி என்றால் வேலை. வேலையோடு பெயரும் போகும் என்று யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சனிக்கிழமை மாலைப் பால் முடிந்து குழாய்களைக் கழுவும்போதுதான் சாமிதுரை ஆசிட் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தான். பதினெட்டு வருஷம் ஒன்றியத்திலிருந்து தயாராக வந்துகொண்டிருந்த ஆசிட் அது, சோதனைக்கு என்றே தண்ணீர் சேர்த்து அளவாக்கியது. அதனால் அவன் லேபிளைப் பார்க்கிற வழக்கத்தையே விட்டிருந்தான். இந்த முறை ஒன்றியத்தில் சரக்கு இல்லை என்று தியாகேசன் திருவாரூரில் ஒரு கடையில் வாங்கி வந்திருக்கிறார். லேபிளில் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று இருந்தது. பழைய காலிப் பாட்டிலை எடுத்துப் பார்த்தான். அதில் தொண்ணூறு.

இரண்டு பாட்டிலையும் மேஜையில் ஒட்டி வைத்தான். இந்த எட்டு சதவீதம்தான் கொழுப்பைத் தீய்த்துக் கறுப்பாக்கியிருக்கிறது. நாகம்மாள் சொன்னது சரி. அவன் யாருக்கும் ஏற்றி எழுதவில்லை, எல்லோருக்கும் இறக்கித்தான் எழுதியிருக்கிறான். ஆனால் அவளுக்குக் குறைந்தது நிஜம்.

அப்போதே தியாகேசனிடம் போய் விஷயத்தை உடைத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. மனுஷ புத்தி அப்படிப் போவதில்லை. ஒரு மாசமாக நான் எழுதியதெல்லாம் தப்பு என்று யார் வாயால் சொல்வார்கள். காலையில் யாரும் வருவதற்கு முன்னால் ஆசிட்டில் அளவாகத் தண்ணீர் சேர்த்துவிட்டால், சோதனையில் கொழுப்பு தெளிவாக நிற்கும். எண் கொஞ்சம் கூடும். கூடினால், நேற்று வைக்கோல் கூடப் போட்டிருப்பாள் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். நேர்மையானவன் திருட்டுத்தனம் பண்ணினால் எவ்வளவு மோசமாகப் பண்ணுவான் என்பதற்கு இவன் ஒரு சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பால் லாரி ஏறியதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கூட்டம் கூட நேரம் இருந்தது. அதிகாரி மன்னார்குடியில் பஸ் ஏறிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது.

பீரோவில் உயரமான அளவு ஜாடி ஒன்று இருந்தது, கண்ணாடி, முழங்கை உயரம், ஒடுக்கமானது. அதில் ஒரு லிட்டர் ஆசிட்டை ஊற்றினான். கஞ்சித் தெளிவு மாதிரி கனமாக, சத்தமில்லாமல் இறங்கியது. ஒரு லிட்டருக்கு ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் போதும் என்று கணக்குப் பார்த்திருந்தான். அந்தக் கணக்கு ஏறக்குறைய சரிதான். எதை எதில் ஊற்றுவது என்று அவன் யோசிக்கவே இல்லை. ஒரு குடம் பாலுக்கு ஒரு கரண்டி மோர் உறை ஊற்றுகிறவன் பாலைத் தூக்கி மோரில் ஊற்றுவானா? கொஞ்சமாக இருப்பதைத்தான் நிறைய இருப்பதில் ஊற்றுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிட்டில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று எப்போதோ சொன்ன ஞாபகமும் லேசாக வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டான். தினம் தினம் என்ன செய்கிறோம், ஆசிட் மேல் பாலைத்தானே இறக்குகிறோம். பாலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். பதினெட்டு வருஷத்தில் ஒரு குழாயாவது சீறியதா?

இதைப் பால் சங்கத்துக்காரன் தவிர வேறு யாரும் யோசித்திருக்க முடியாது. தினமும் ஆசிட்டைத் தண்ணீரில் கலக்கிற பேட்டரிக் கடைக்காரன் இந்தத் தப்பைப் பண்ணமாட்டான்.

ஜாடியைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீரை உட்சுவரோடு நூலாக இறக்கினான். பழகிய கை, நடுங்கவில்லை. சுவரில் லேசாக ஒரு சலசலப்பு கேட்டது, அவ்வளவுதான். டம்ளர் காலியாயிற்று. ஜாடியை மெல்ல நிமிர்த்தி மேஜை மேல் வைத்தான். பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. கலக்குவதற்கு நீளமான கண்ணாடிக் குச்சி பக்கத்தில் தயாராக இருந்தது.

ஜாடியிலிருந்து கையை எடுக்கும்போது விரல் மேல்நோக்கி உரசிக்கொண்டு போனது. கீழே ஜில்லென்று இருந்தது. அதற்கு மேலும் ஜில். பிறகு சட்டென்று ஒரு இடத்தில் சுட்டது. அதைத் தாண்டினால் வெதுவெதுப்பு. மறுபடி தொட்டுப் பார்த்தான். இரண்டு விரல்கடை அகலத்துக்கு ஜாடியைச் சுற்றிச் சூடு ஒரு பட்டையாக நின்றது. குனிந்து பார்த்தான். வெயில் நேரத்துத் தார் ரோட்டின் மேல் காற்று நெளிகிற மாதிரி உள்ளே ஒரு கோடு நெளிந்துகொண்டிருந்தது. கோட்டுக்கு மேலே தண்ணீர், கீழே ஆசிட். இரண்டும் இன்னும் கலக்கவே இல்லை.

குச்சியை எடுக்கப் போன கை அந்தரத்தில் நின்றது.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. குழாயிலும் இதே கதைதான். பாலை இறக்கும்போது ஒன்றும் நடப்பதில்லை. குலுக்கும்போதுதான் நடக்கிறது. அந்தக் குழாயில் இருப்பது சுண்டைக்காய் அளவு பாலும் ஆசிட்டும், அதுவும் இறுக்கி மூடியது. அதற்கே துணி இல்லாமல் பிடிக்க முடியவில்லை. இங்கே ஒரு லிட்டர், மூடியே இல்லை. கலந்தால் வருகிற சூடு முழுவதும் மேலே கிடக்கிற இந்தக் கொஞ்சம் தண்ணீர் தலையில்தான் விழும். தண்ணீர் அந்த இடத்திலேயே கொதித்து ஆவியாகி எழும்பும். எழும்பும்போது ஆசிட்டையும் சேர்த்து வாரி முகத்தில் அடிக்கும். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றியிருந்தால் அது கனத்தில் அடிக்கு இறங்கி, இறங்குகிற வழியெல்லாம் கலந்துகொண்டே போயிருக்கும். சூட்டை வாங்கிக்கொள்ள மொத்தத் தண்ணீரும் இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் சொன்னதற்கு இதுதானா காரணம் என்று நினைத்தான். நினைத்து என்ன, ஊற்றியாயிற்று.

இதைத் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது. கதவைப் பூட்டிவிட்டு அதிகாரி வரும்வரை வெளியே நிற்க வேண்டியதுதான். இப்படி முடிவு செய்து அவன் திரும்புவதற்குள் கதவு திறந்தது. நாகம்மாள் நின்றாள்.

அவள் அவ்வளவு சீக்கிரம் வந்ததே, இவன் உள்ளே ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவான் என்ற சந்தேகத்தில்தான். வந்த சந்தேகத்துக்கு வஞ்சனையில்லாமல் எல்லாம் கண்ணெதிரே இருந்தது. சாத்திய கதவு, திறந்த ஆசிட் பாட்டில், ஈரம் காயாத டம்ளர், பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, வேர்த்துப்போன ஆள். அவள் கூச்சல் போடவில்லை. நேரே மேஜைக்கு வந்து ஜாடியை அடியிலும் நடுவிலுமாக இரண்டு கையாலும் பிடித்தாள். இதை அப்படியே வெளியே தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைக்கப் போகிறேன், அதிகாரி வந்து பார்க்கட்டும் என்றாள்.

சாமிதுரைக்கு ஓடிப் போய்ப் பிடுங்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் பிடுங்கினால் என்ன ஆகும்? அவள் இழுப்பாள், இவன் இழுப்பான், ஜாடி ஆடும். ஆடினால் கலக்கும். அவள் முகம் அந்த ஜாடியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒரு சண்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, அதைத் தூக்காதீங்க. ஆசிட் மேல தண்ணி நிக்குது. ஆடுனா கொதிச்சு மூஞ்சில அடிக்கும்."

"கத வுடாத. தெனம் நீ குலுக்குறத நான் பாக்கல? ஒனக்கு அடிக்காதது எனக்கு மட்டும் அடிக்குமா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் அவனும் தனக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டான். குழாய்க்கு மூடி இருக்கிறது, இதற்கு இல்லை என்று விளக்க அவகாசம் இல்லை. விளக்கினாலும் நம்பமாட்டாள். பழி சொல்லப்பட்டவன், தடயத்தைத் தொடாதே என்று சொன்னால் எவள் நம்புவாள்? ஜாடியின் அடி மேஜையை விட்டு லேசாக எழும்பியது. உள்ளே அந்தக் கோடு ஒரு பக்கம் சாய்ந்து நெளிந்தது.

அவளை நிறுத்தக்கூடிய சொல் ஒன்றுதான் அவனிடம் இருந்தது. அதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் காலையிலிருந்து இத்தனை பாடு. சொல்லிவிட்டால் பதினெட்டு வருஷம் போயிற்று என்று தெரிந்தே சொன்னான்.

"நீங்க சொன்னதுதான் சரி. ஒங்க பாலுக்குக் கம்மியாத்தான் எழுதியிருக்கேன். ஊருக்கே கம்மியாத்தான் எழுதியிருக்கேன். ஆசிட் கடுசு, அது நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. அத மறைக்கத்தான் தண்ணி ஊத்துனேன். எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன். ஒங்களுக்குச் சாட்சி வேணாம், அத கீழ வையுங்க. மெதுவா."

நாகம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஏலக்கடையில் பொய் விலையும் மெய் விலையும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. ஜாடியை மெல்ல, வைத்தது தெரியாமல் வைத்தாள். வைக்கும்போது நடுவில் பிடித்திருந்த கை கொஞ்சம் மேலே நகர்ந்து அந்தப் பட்டையில் பட்டது. சுரீரென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னடா இது, இங்க மட்டும் சுடுது" என்றாள். அவன் கதவைக் கையால் காட்டினான். அவளை முன்னால் விட்டு, தானும் வெளியே வந்து கதவைப் பூட்டினான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

அதிகாரி பிரதீபா பஸ் இறங்கி வந்தபோது பால் கேன் வைக்கிற கொட்டகையில் கூட்டம் நிறைந்திருந்தது. நடுத்தர வயது, களைத்த முகம், தோளில் கனத்த பை. தியாகேசன் வரவேற்புரை மாதிரி ஏதோ தொடங்கினார். அதை முடிக்க விடாமல் சாமிதுரை எழுந்து நின்று, அறைக்குள் சொன்னதை வெளியிலும் சொன்னான். ஆசிட் கடுமையானது, கருக்கல் கட்டியது, தெளிந்ததை மட்டும் எண்ணியது, ஊருக்கே எண் குறைந்தது, காலையில் மறைக்கப் பார்த்தது, தண்ணீரை மேலே ஊற்றியது, எதையும் விடவில்லை. கூட்டத்தில் இரைச்சல் எழுந்தது. பாலில் தண்ணீர் கலந்த அந்த அத்தான், எனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

பிரதீபாவுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. தண்ணீரை மேலே ஊற்றியது மட்டும்தான் ஏறியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அளவு ஜாடியிலா ஊற்றினீர்கள் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தத் தடித்த கண்ணாடி சூட்டில் விரிசல் விட்டிருந்தால் அதோடு போயிற்று என்றார். இரண்டு பேரை விட்டு வாய்க்கால் மணல் அள்ளி வரச் சொல்லி, தானே கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போய், ஜாடியைத் தொடாமல் சுற்றிலும் மணலைக் கொட்டினார். அது தானாக மெல்ல மெல்லக் கலந்து ஆறட்டும், அதுவரை அந்த அறைக்குள் ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்றார். மிச்ச ஆசிட் பாட்டிலையும் சோதனைக் குழாய்களையும் கைச்சக்கரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

இவ்வளவு அமர்க்களம் எதற்கு என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். பிரதீபா எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். கொட்டகைக்கு வெளியே மணலில் ஒரு பீங்கான் கிண்ணத்தை வைத்து, அடி நனைகிற அளவு ஆசிட் விட்டு, சுற்றிலும் செய்தித்தாளைப் பரப்பினார். நீளமான கண்ணாடிக் குழலால் எட்ட நின்று ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். தாளித்த கடுகு மாதிரி படபடவென்று வெடித்தது. இன்னொரு சொட்டு. மறுபடியும். செய்தித்தாளில் அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டையாயிற்று.

நாகம்மாள் தாளைப் பார்த்தாள். பிறகு பூட்டிய கதவைப் பார்த்தாள். இரண்டு சொட்டுக்கு இது என்றால் ஒரு டம்ளருக்கு எவ்வளவு என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். முகத்தில் வேர்வைகூட இல்லை.

பிறகு பிரதீபா சரியானபடி கலந்தார். சோதனைக்குத் தேவையான அளவு மட்டும். சூடு தாங்கும் பீக்கரில் முதலில் தண்ணீர், சில கரண்டி அளவுதான். பீக்கரை ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினார். ஐஸ் தெருவோடு வந்த ஒரு மீன்காரரின் பெட்டியிலிருந்து வந்தது. ஆசிட்டை மெல்லிய தாரையாக விட்டார், கலக்கினார், நிறுத்தினார். பீக்கர் ஆறும்வரை காத்திருந்தார். மறுபடி கொஞ்சம். தண்ணீர் இவ்வளவு குறைவாக இருக்கும்போது சரியான முறையில் ஊற்றினாலும் சூடு ஏறும், மொத்தமாகக் கவிழ்த்தால் இதுவும் கொதிக்கும், முறை பாதி, பொறுமை பாதி என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் டீ குடித்துவிட்டு வந்தார்கள். அப்போதும் அது ஆறியிருக்கவில்லை. கடைசியில் மிதவைக் கருவியை விட்டு அடர்த்தி பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

நாகம்மாள் பாலின் சோதனையை அவரே செய்தார். குழாயைச் சுற்றி எடுத்தபோது கழுத்தில் கொழுப்பு சுத்தமான தேன் நிறத்தில் நின்றது, கருக்கல் துளியும் இல்லை. எண்ணை எல்லோரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். சாமிதுரை எழுதியதைவிட நன்றாகவே கூடுதல், நாகம்மாள் ஆரம்பத்திலிருந்து சொல்லிவந்த அதே எண்.

கூட்டம் சாமிதுரையைப் பார்த்தது. அவன் எழுந்து வந்து அறைச் சாவியைத் தியாகேசன் முன்னால் வைத்தான். தியாகேசன் வழக்கம்போல் இரண்டு பக்கமும் தலையாட்டினார். கமிட்டி முடிவு கமிட்டி முடிவுதான், வருத்தமாக இருக்கிறது, இருந்தாலும் என்று இழுத்தார். சாவியை எடுக்க அவர் கை நீண்டது.

அதற்கு முன்னால் நாகம்மாளின் கை சாவி மேல் விழுந்தது.

"கம்மியா எழுதுறான்னு சொன்னது நான். ஆமான்னு சொன்னது அவன். அந்தக் கடுசு ஆசிட்ட வாங்கியாந்தது யாரு? கமிட்டியில இன்னும் ஒரு ஆளு வாயத் தொறக்கல." அவள் குரல் உயரவில்லை. தியாகேசன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "அவன் வாய மூடிக்கிட்டு நின்னுருந்தா எம் மூஞ்சி போயிருக்கும், அவன் வேல நின்னுருக்கும். எம் பால இவந்தான் பாப்பான். வேற யாராச்சும் பாத்தா நான் ஊத்தல."

பிரதீபா, ஒரு மாசத்து எண்கள் எல்லாவற்றையும் திருத்திக் கொடுக்கச் சொல்லி எழுதுகிறேன், டெஸ்டரை மாற்றுவதோ வைத்துக்கொள்வதோ உங்கள் பாடு என்று பையைக் கட்டினார். தியாகேசன் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார், அவர்கள் வாய்க்காலைப் பார்த்தார்கள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாகம்மாள் சாவியைச் சாமிதுரையின் பக்கம் தள்ளிவிட்டு, கூடையிலிருந்து இன்னொரு பால் போணியை எடுத்து வைத்தாள். மூன்றாவது மாட்டின் பால். அதிகாரி பார்த்தது இரண்டு மாட்டுடையது, இதையும் இப்போதே பார்த்துவிடு, கலந்த ஆசிட் மிச்சம் இருக்கிறது என்றாள்.

அவன் ஒரு குழாயை எடுத்தான். ஆசிட்டை விட்டான். பாலை உறிஞ்சி எடுத்து, குழலின் முனையை உட்சுவரில் வைத்தான். பதினெட்டு வருஷம் நடுங்காத கை இப்போது நடுங்கியது. கண்ணாடியும் கண்ணாடியும் மோதி டக்டக்கென்று சத்தம் கேட்டது.

நாகம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"அவசரம் இல்ல தம்பி" என்றாள். "மெதுவாவே ஊத்து."